பட்லர் இருதயராஜின் பத்து வாள்

மாவு பிசைந்த கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுச் சீட்டைத் தொடும் வழக்கம் இருதயராஜுக்கு இல்லை. வேட்டியில் இரண்டு தேய்ப்பு, அவ்வளவுதான். பிஸ்கட் டப்பாவிலிருந்து சீட்டுக்கட்டை எடுப்பார். ரொட்டி ஆறவைக்கும் பலகையில் ஒரு மூலையை ஊதிச் சுத்தம் பண்ணுவார். வந்தவர் கையில் கட்டைக் கொடுப்பார். "கலைங்க. கேள்விய மனசுல வச்சிக்கினு நல்லா கலைங்க. என்னாண்ட சொல்ல வேணாம்." சொல்ல வேண்டாம்தான். ஆனால் அவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கொண்டுவருவது ஒரே கேள்வி: பார்க்கிற வேலையை விட்டுவிடலாமா?

திண்டிவனத்தில் கிளியனூர்ச் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அவருடைய ரொட்டிக் கிடங்கு. ஓர் அடுப்பு, ஒரு பலகை, மனைவி லூர்துமேரி. மூன்றும் சூடானவை என்று அவரே சொல்லிச் சிரிப்பார், மனைவி காதில் விழாத தூரத்தில். ஐம்பது வயதுக்கு முதுகு இன்னும் நேராக நிற்கிறது. ஒற்றை பன் வாங்க வருகிற வண்டிக்காரரிடமும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, "வேற ஏதாச்சும் வேணுங்களா?" என்று குனிந்து கேட்பார். தெருவில் யாராவது சைக்கிள் மணி அடித்துவிட்டால் கால் தானாக இரண்டு அடி ஓடும். பிறகு நின்று, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார். விழுப்புரம் அவர் காலைவிட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

விழுப்புரம் ஜங்ஷன் சாப்பாட்டு அறையில் அவர் பட்லராக இருந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, அதன் குறுக்கே பித்தளை வில்லை. பாண்டிச்சேரி வண்டி, காட்பாடி வண்டி, தெற்கே போகிற மெயில் என்று எந்த வண்டி எந்த நேரத்தில் வந்தாலும் சூப்பு கொதிநிலையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மணி. அந்த மணிகளையும் அவற்றை அடிக்கிற துரைமாரையும்கூட அவர் தாங்கிக்கொண்டார். மேனேஜரைத்தான் முடியவில்லை. "வண்டி லேட்டானா நானு, முட்ட சின்னதா இருந்தா நானு, மழ பேஞ்சி தொர ஷூ நனைஞ்சாலும் நானு. எல்லாத்துக்கும் என் தலைதான்" என்று இப்போது சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பாட்டுக் குரல் நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடுவதையும் நிறுத்திவிட்டார்.

சீட்டு வந்த கதை அந்த அறையிலேதான். ரயில்வே காலனியில் டோரத்தி அம்மாள் என்று ஓர் எஞ்சின் டிரைவரின் விதவை. தினம் சாயங்காலம் தேநீர் குடிக்க வருவாள். மேஜையில் குறி பார்க்கிற சீட்டைப் பரப்பிக்கொள்வாள். சீமையில் அச்சடித்தது, எழுபத்தெட்டுச் சீட்டு. அதில் இருபத்திரண்டு பெரிய சீட்டு, தலையெழுத்தைச் சொல்பவை. மீதியெல்லாம் கோல், கிண்ணம், வாள், காசு என்று நாலு சாதி. தட்டை எடுக்க வந்த இருதயராஜ் படத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு, பாதி இங்கிலீஷிலும் பாதித் தமிழிலும் கற்றுக்கொடுத்தாள். பெங்களூரில் இருந்த மகளிடம் போகிறபோது கட்டை இவருக்கே கொடுத்துவிட்டாள். பங்குச் சாமியாருக்கு இது பிடிக்காது. இவர் வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அவரும் சளைக்காமல் ஒரு ஜெபமாலை அபராதம் போடுவார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

இருதயராஜின் முறை எளிது. இரண்டே சீட்டு. இடது பக்கம் விழுவது இப்போதைய நிலைமை. வலது பக்கம் விழுவது கால் போகிற வழி. ஜங்ஷனில் போர்ட்டர், விளக்குக்காரர் என்று எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறார். பத்து வாள் சீட்டு விழுந்ததும் ஆட்கள் வெலவெலத்துப் போவார்கள். குப்புறக் கிடக்கிற மனிதன். கழுத்திலிருந்து தொடை வரை முதுகில் வரிசையாகப் பத்து வாள். மேலே கறுப்பு வானம். யாருக்குத்தான் பயமாக இராது? இருதயராஜ் நிதானமாக விரலை வைப்பார். "சாவு இல்லங்க இது. ஒரு விஷயம் முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம். பத்துக்கு மேல எண்ணிக்கை கெடையாது, இதுக்குமேல குத்த எடமும் இல்ல. கீழ பாருங்க, கறுப்புக்கு அடியில மஞ்சளா விடியுது. தண்ணி அலை இல்லாம கெடக்குது. வெரல பாருங்க, சாமியாரு ஆசீர்வாதம் பண்றாப்ல மடிச்சிருக்கான்." கேட்டவர் மூச்சு திரும்பி வரும்.

தமக்கென்று அவர் சீட்டைத் தொட்டதே இல்லை. ஒரு நாள் மத்தியானம், கப்பு ஒன்று விரிசல்விட்டதற்காக மேனேஜர் பயணிகள் முன்னால் கத்திய கத்தலுக்குப் பிறகு, வீட்டுக்கு வந்து கட்டைக் கலைத்தார். இடது பக்கம் பத்து வாள். வலது பக்கம் எட்டுக் கிண்ணம்.

எட்டுக் கிண்ணத்தில் சிவப்புப் போர்வை போர்த்திய ஒருவன், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கோலோடு மலைப்பக்கம் நடந்து போகிறான். அவன் விட்டுப் போகிற கிண்ணங்கள் முன்னால் அடுக்கியிருக்கின்றன, கீழே ஐந்து, மேலே மூன்று. மேல் வரிசையில் ஒரு கிண்ணம் வைக்கும் அளவு இடம் காலி. முகம் உள்ள நிலா மேலேயிருந்து பார்க்கிறது.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது அன்றைக்குப் பலித்தது. இவர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சி மேரி. வேலைய வுட்டுட்டுப் போனா நடுரோட்டுல குத்துப்பட்டுக் கெடப்பேன்னு வந்துடுச்சி" என்றார்.

லூர்துமேரிக்குச் சீட்டில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கண் இருக்கிறது. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் இடது பக்கத்துலேர்ந்துதான படிப்பீங்க? உங்களுக்கு மட்டும் இன்னா வலதுலேர்ந்து?"

அவர் குனிந்து மறுபடி பார்த்தார். வலதிலிருந்து படித்தால் போவது முதலில், விழுவது பிறகு. இடதிலிருந்து படித்தால் அவர் ஏற்கெனவே விழுந்து கிடக்கிறார், போவதுதான் பாக்கி. பயம் அவரைத் தலைகீழாகப் படிக்க வைத்திருந்தது.

அவள் விடவில்லை. வாள்களை எண்ணினாள். "வியாகுல மாதா நெஞ்சுலயே ஏழு வாளுதான் இருக்குது. பெத்த புள்ளய சிலுவையில பாத்தவளுக்கு ஏழு. உங்களுக்குப் பத்தா? மீதி மூணு யாரு குத்தினது?"

இந்தக் கேள்வியை டோரத்தி அம்மாள்கூடக் கேட்டதில்லை. அவள் சொன்னதெல்லாம், இந்தச் சீட்டில் கொஞ்சம் கூத்தும் உண்டு, ஒரு வாளில் சாகிறவனுக்குப் பத்து எதற்கு என்று யோசி, என்பதுதான். இருதயராஜ் வாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மேனேஜர் குத்தியது உண்மை. வீங்கின காலும் கெட்ட தூக்கமும் உண்மை. ஆனால் பகலில் கேட்ட வசவைப் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தமக்கே சொல்லிக்கொண்டது யார்? நாம் இல்லாவிட்டால் ஜங்ஷனே பட்டினி கிடக்கும் என்று லீவு எடுக்காமல் கிடந்தது யார்? பட்லர் கோட்டைக் கழற்றினால் தாம் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியது யார்? மூன்று வாளுக்கும் பிடியில் அவர் கைரேகைதான் இருந்தது. அதை மனைவியிடம் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. லூர்துமேரி மல்லாட்டையை நீட்டினாள். அவரும் அழுதுகொண்டே தின்றார்.

பிறகு எட்டுக் கிண்ணத்தைப் பட்லர் கண்ணோடு பார்த்தார். ஒரு கிண்ணமும் உடையவில்லை. ஒன்றும் கவிழவில்லை. "சண்ட போட்டுக்கினு போறவன் இப்டி அடுக்கிட்டுப் போவானா? ஒப்படைச்சிட்டுப் போறான், மேரி. எல்லாம் நெறைஞ்சிதான் இருக்குது. அவனுக்கு வேண்டிய ஒண்ணு மட்டும் அங்க இல்ல." வாள் சீட்டில் முடிவு மேலே வந்து விழுகிறது, கிண்ணச் சீட்டில் மனிதன் தானே எழுந்து நடக்கிறான். இரண்டும் சேர்ந்து வந்தால், முடிந்துபோனதற்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்காதே, உன் காலால் நட என்று பொருள். பெரிய சீட்டு ஒன்றும் கூட வரவில்லை. அதனால் இது தலையெழுத்து அல்ல, அவர் கையில் இருக்கிற சமாச்சாரம்.

மறுநாளே கோட்டை வீசிவிட்டு வந்தார் என்று நினைத்தால் இருதயராஜைத் தெரியாது. படத்தில் இருப்பவன் கையில் கோல் இருக்கிறதே! "கோலு இல்லாம மலை ஏறக் கூடாது" என்பது அவர் கட்சி. லூர்துமேரியின் தம்பி சவுரிராயன் திண்டிவனத்தில் இருந்தான். அவன் வீட்டுக்குப் பின்னால் அடுப்பு கட்டச் சொன்னார். ரொட்டி சுடுவது ஜங்ஷன் சமையல்கட்டில் கைவந்த வேலை. அடுப்பு காய்ந்து, முதல் சூட்டில் ரொட்டி உப்பி வந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுத்தார். கடைசி நாள் எல்லாக் கப்பையும் கழுவித் துடைத்து, மேனேஜர் முன்னால் அடுக்கி ஒப்படைத்தார். மேனேஜருக்குத் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "நீ போயிட்டா யாருய்யா சூப்பு வைப்பாங்க?" என்றாராம். அந்தக் கேள்வி இன்றைக்கும் இருதயராஜுக்கு வெல்லக்கட்டி.

இப்போது மறுபடி கோவிலில் பாடுகிறார். அடுப்பு வேலை கடினம்தான், முதுகு வலிக்கிறது. "வலிக்குது. ஆனா இது என் வலி" என்கிறார்.

போன வாரம் விழுப்புரம் பார்சல் ஆபீசிலிருந்து பாண்டுரங்கன் என்று ஒரு குமாஸ்தா வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. நாற்காலியில் உட்காராமல் விழுந்தார். பன்னை வைத்தால் கடிக்கவில்லை. சீட்டைக் கலைத்தார், இரண்டு எடுத்தார். இடது பக்கம் பத்து வாள், வலது பக்கம் எட்டுக் கிண்ணம்.

"அய்யோ, இன்னாங்க இது!" என்று பலகையைப் பிடித்துக்கொண்டார் குமாஸ்தா. "நான் தீந்தேனா?"

லூர்துமேரி அடுப்பின் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஜல்திபடாதீங்க. இடது பக்கத்துலேர்ந்து வருவோம்" என்றார் இருதயராஜ். பத்து வாள் சீட்டை எடுத்தார். அதன் ஒரு முனை மட்டும் பல வருஷத்து மாவுக் கறையில் வெளுத்துப்போயிருந்தது. அந்த வெளுப்பின்மேலேயே மாவு ஒட்டிய கட்டைவிரலை அழுத்தி, கடைசி மூன்று வாளை மறைத்துக்கொண்டு, சீட்டைக் குமாஸ்தா பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.