ஆடாத பிளக்

இலங்கையின் நிவித்திகலவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் டிஷ் பூட்டுகிறவர் புவாட். பொருந்தாத பிளக்கைச் செருகி வைக்கிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று ரப்பர்ப்பால் வெட்டும் மல்லிகாவின் லயத்து வீட்டிலும் அதே கதை. டிஷ் வயரின் நுனியிலிருந்த எஃப் பிளக் திருகிப் பூட்டுவது. டீவியின் துளைக்குள் போகாது. அவள் அதை வெட்டிவிட்டு, பழைய அன்டெனாவின் செருகு பிளக்கை வயர்த்துண்டோடு எடுத்து டிஷ் வயரில் முறுக்கி, நேரே டீவியில் சொருகியிருந்தாள். படம் வரவில்லை.

"டிஷ் வயரு முதல்ல இந்த செட்-டாப் பெட்டிக்குத்தான் போகணும் தங்கச்சி. பெட்டிக்குத் திருகு, டீவிக்குச் செருகு. இந்தப் பழசு என்னத்துக்கு? வீசுங்க."

"வீசாதீங்க நானா. அவரு சாகுறதுக்கு முந்தி பூட்டுனது."

பிளக் தளராதிருக்க அதன் கழுத்தில் காய்ந்த ரப்பர்ப்பால் இழைகள் சுற்றியிருந்தன. புவாட்டின் கோபம் எங்கோ போய்விட்டது. டிஷ் வயருக்குப் புதிய எஃப் பிளக் போட்டுப் பெட்டியில் திருகினார். பழைய பிளக்கின் வயர்த்துண்டுக்கு மறுமுனையிலும் ஒரு செருகு பிளக் பூட்டி, பெட்டியிலிருந்து டீவிக்குக் கொடுத்தார். சேனலைத் தேடியதும் படம் வந்தது.

மல்லிகா படத்தைப் பார்க்கவில்லை. டீவிக்குப் பின்னால் குனிந்து, அந்தப் பிளக்கை மெல்லத் தொட்டாள்.

"ஆடலீங்க நானா."

"ஆடாது தங்கச்சி. அவரு சுத்துனதுல நான் கை வைக்கல."