எல்சி அக்காவின் சின்ன கோப்பு

ராயபுரத்தில் எங்கள் பிளெக்ஸ் கடையில் எல்சி அக்கா பதினான்கு வருஷமாக டிசைனர். நான் பிராங்கிளின், பிரிண்ட் மெஷின் ஓட்டுபவன். அவருக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரில் நான்கு ஜிபி மெமரி. மூன்று வருஷமாக அவர் கூடுதல் மெமரி கேட்டார். முதலாளி எபினேசர் வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டார். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் இறந்தவர்கள் எல்லாருடைய முகமும் ஒரே பேனரில் கல்லறை வாசலில் நிற்கும். இந்த முறை அறுபத்து மூன்று முகங்கள், இருபதுக்குப் பத்து அடி. வானம், கடல், சிலுவை, மெழுகுவத்தி, ஒவ்வொரு முகத்துக்கும் தனி லேயர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித்தாள் மாதிரி. அந்தக் கம்ப்யூட்டரில் அதை அப்படியே திறந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

அக்கா முதலில் நீள அகலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவில் ஒரு சின்ன கோப்பு செய்தார். யார் எங்கே என்பதையெல்லாம் அதில் முடிவு செய்தார். பிறகு ஒவ்வொரு அளவையும் எட்டால் பெருக்கி, நிஜப் படங்களைப் பெரிய கோப்பில் வைத்தார். பின்னணி லேயர்கள் பதினொன்றையும், பிரிந்த நிலையில் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, ஒன்றாக இணைத்தார். முகங்களை மூன்று பட்டைகளாகத் தனித்தனிக் கோப்பில் செய்து, ஒவ்வொன்றையும் இணைத்த பிறகே பின்னணிமேல் கொண்டுவந்தார். பழைய மாற்றங்களுக்குத் திரும்பும் படிகளை ஐம்பதிலிருந்து எட்டாகக் குறைத்தார். திரையில் சீக்கிரம் காட்டக் கம்ப்யூட்டர் எடுத்துவைக்கும் சின்ன நகல்களின் எண்ணிக்கையான கேஷ் அளவை, லேயர் நிறைய உள்ள சின்ன கோப்புக்கு இரண்டாகவும், லேயர் குறைந்த பெரிய கோப்புக்கு நான்காகவும் மாற்றி வைத்தார்.

"ஸ்கிரீன்ல முழுசா தெரியறப்போ அது கேஷுல கீற சின்ன நகலு, பிராங்கு. அத்த நம்பாத. நூறு சதவீதத்துல பாத்தாதான் நெஜம்" என்பார்.

திருநாளுக்கு முந்தின மத்தியானம் அவர் சாப்பிடப் போனார். டிஸ்க் நிறைந்துவிட்டதாக அவர் கம்ப்யூட்டர் கத்தியது. முதலாளி வந்து உட்கார்ந்தார். ஒரே படம் இரண்டு கோப்பாக இருப்பதைப் பார்த்தார். இரண்டும் திரையில் ஒரே மாதிரி. பெரியது திறக்கவே பத்து நிமிஷம் ஆனது. அதைப் பட்டைக் கோப்புகளோடு சேர்த்து அடியோடு அழித்துவிட்டு சின்னதை எனக்கு அனுப்பினார். கோப்பு இவ்வளவு சின்னதாக இருப்பதைப் பார்த்ததும் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினார், நானும் அதை இருபதடிக்கு இழுத்து ஓட்டினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நான்கு மணிக்கு பேனரைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பங்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். முன்னால் ஜூடி அக்கா. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி மோதி அவர் மகன் பிரிட்டோ போய் ஐந்து மாதம்.

"என் புள்ள மூஞ்சி எங்க? கிட்ட போனா கட்டம் கட்டமா கீது. கண்ணே இல்ல" என்றார்.

முதலாளி எல்சி அக்காவைக் கை காட்டினார். "இவதான் டிசைன் பண்ணது. கவனமில்ல."

அக்கா முகம் சிவந்தது. கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். அந்தக் கம்ப்யூட்டரை நம்பாமல், பின்னணியையும் மூன்று பட்டைகளையும் தினமும் அதில் போட்டுவைத்திருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்க்க முக்கால் மணி நேரம். ஜூடி அக்கா பின்னாலேயே நின்றார்.

"பாத்தியளா, அவ தப்ப அவளே சரி பண்ணிட்டா" என்றார் முதலாளி.

எனக்கு அவர் சட்டையைப் பிடிக்கத் தோன்றியது. "சார், அந்த ஃபைல அனுப்புனது நீங்க. பெருசா இருந்தத அழிச்சதும் நீங்கதான்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ரெண்டும் ஒரே படந்தானேடா! நான் பாத்துட்டுத்தான் அனுப்புனேன், நல்லாத்தான் இருந்திச்சி!"

எல்சி அக்கா நாற்காலியை நகர்த்தினார். "வாக்கா, நீயே பாரு." இரண்டு கோப்பையும் முழுசாகத் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு இரண்டிலும் பிரிட்டோவை, துணியில் வருகிற அளவுக்குப் பெரிதாக்கினார். ஒன்றில் வெறும் கட்டங்கள். இன்னொன்றில் புருவத்துக்குமேல் இருந்த சின்னத் தழும்புகூடத் தெரிந்தது. ஜூடி அக்கா அந்தத் தழும்பின்மேல் விரலை வைத்தார்.

அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனாலும் முதலாளி பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், என் புள்ளைய நான் தூரத்துல நின்னு பாத்தா போதும்னு வுட்டுட்டியா?"

எல்சி அக்கா பெரிய கோப்பை எனக்கு அனுப்பினார். நான் மெஷினை ஓட்டினேன்.