வெறும் வயிற்றில் வரவும்

ரத்த வங்கியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு ஊசியக்கா என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர். அவள் குத்தும் ஊசி வலிக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். பேச்சுதான் வலிக்கும்.

அவளுக்குப் பிடிக்காதவர்களின் பட்டியல் நீளமானது. ரத்தம் கொடுக்காமல் ரத்த தானம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் வருவார்கள். கையில் ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டு, ஊசி இல்லாமல் படுக்கையில் படுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் சிறப்பு விருந்தினர்கள் அடுத்து. அப்படி ஒருவரை எழுந்திருக்கவிடாமல், "படுத்ததுதான் படுத்தீங்க, சார், ஒரு பை குடுத்துட்டே எந்திரிங்க" என்று பிடித்து வைத்தவள் அவள். மனிதர் அவசர வேலை என்று எழுந்து ஓடினார். "பயந்தா ஓடுறான், படம் எடுத்தா சிரிக்கிறான்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை முகாம் அவளுக்கு முக்கியம். ஏன் என்று யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டாள். திங்கட்கிழமை காலையில் பதினொரு குழந்தைகள் வருவார்கள். பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத குழந்தைகள். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ரத்தம் ஏற்றினால்தான் பள்ளிக்கூடம் போக முடியும். தள்ளிப் போனால் முகம் வெளுத்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். குளிர்பெட்டியில் அப்போது இருந்தது ஆறு பைகள். அதிலும் இரண்டு, பிரசவ வார்டுக்கென்று ஒதுக்கி வைத்தவை. அடுத்த வாரம் எல்லாக் கல்லூரிக்கும் விடுமுறை. சனிக்கிழமை எடுத்ததை ஞாயிற்றுக்கிழமைக்குள் பரிசோதித்து முடித்தால்தான் திங்கட்கிழமைக்குக் கொடுக்க முடியும்.

அதனால்தான் புதன்கிழமையே, கல்லூரி சேவை மன்றத்தின் செயலாளருக்குச் செல்பேசியில் ஒன்பது வரி அனுப்பினாள். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக் கூடாது. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். இரவு தூங்கியிருக்க வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வர வேண்டாம். ஒரு வருடத்துக்குள் பச்சை குத்திக்கொண்டவர்கள் வர வேண்டாம். போன தடவை கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நான்கு மாதமும் ஆகியிருக்க வேண்டும். அடையாள அட்டை கொண்டு வர வேண்டும். காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை, கல்லூரிக் கலையரங்கம்.

செயலாளர் மூன்றாம் ஆண்டு மாணவன். பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மையும் நாலு சிவப்பு இதயமும் வந்தன. "இதயம் அனுப்புறான், ரத்தம் அனுப்புவானான்னு பாப்போம்" என்றாள் பக்கத்து மேசை நர்ஸிடம்.

சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு வண்டி கலையரங்க வாசலில் நின்றது. கூட்டத்தைப் பார்த்து டிரைவரே விசில் அடித்தார். நூறு பேருக்கு மேல் இருக்கும். வாசலில் ஆளுயரப் பதாகை. முக்கால்வாசி இடத்தைச் சிறப்பு விருந்தினரின் முகம் பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் முதல்வர், அவருக்குக் கீழே மன்ற ஆசிரியர், அவருக்குக் கீழே செயலாளர், எல்லாருக்கும் கீழே ஓர் ஓரத்தில் ஒரு ரத்தத் துளி. அவளுக்குப் படிக்க நேரமில்லை. நான்கு படுக்கை போட வேண்டும், எடை இயந்திரம் வைக்க வேண்டும், விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ரத்த அளவு பார்க்கும் மேசையைத் தயார் செய்ய வேண்டும்.

ஒன்பது மணிக்கு முதல் பெண் வந்து நின்றாள். படிவம் சரி, எடை சரி.

"காலையில என்ன சாப்பிட்டேம்மா?"

"எதுவும் சாப்பிடலக்கா." பெண் பெருமையாகச் சொன்னாள். "தண்ணிகூடக் குடிக்கல."

"ஏன், ஏதாவது வேண்டுதலா?"

"போஸ்ட்ல போட்டிருந்துச்சேக்கா."

அடுத்தவனும் சாப்பிடவில்லை. அதற்கடுத்தவனும் இல்லை. ஊசியக்கா கையுறையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் பதாகையைப் படித்தாள். ரத்தம் கொடுப்போம் உயிர் காப்போம். நேரம் சரி, இடம் சரி. அவள் அனுப்பிய ஒன்பது வரியில் கடைசி ஒன்று மட்டும் தப்பித்திருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: வெறும் வயிற்றில் வரவும்.

செயலாளர் வெள்ளைச் சட்டையில் சிறப்பு விருந்தினருக்காகக் காத்து நின்றான்.

"தம்பி, இது யாரு எழுதினது?"

"நான்தான்க்கா. போன மாசம் சுகர் டெஸ்ட் முகாம் நடத்துனோம்ல, அந்த போஸ்ட்டையே எடுத்துத் தேதி, நேரம், இடம் மட்டும் மாத்தினேன். செம ரீச் அக்கா!"

"நான் அனுப்பின ஒன்பது வரி?"

"எழுத்து அதிகமா இருந்தா யாரும் படிக்க மாட்டாங்கக்கா. அதுவும் இல்லாம சார் போட்டோ உள்ள வரல."

"சர்க்கரை பாக்குறதுக்கு ரெண்டு சொட்டு எடுப்பாங்க. நான் முந்நூத்தம்பது மில்லி எடுக்கிறேன். பட்டினி கிடக்கிறவன்கிட்ட எடுத்தா அப்படியே சுருண்டு விழுவான். நீ பிடிப்பியா?"

மன்ற ஆசிரியர் ஓடிவந்தார். எதற்கும் ஓடிவருகிறவர் அவர். வந்து எதுவும் செய்யாதவர். "மேடம், ஜூஸ் இருக்கே, ஒரு டம்ளர் குடுத்துட்டு எடுத்திரலாமே. பசங்க திடமாத்தான் இருக்காங்க. விருந்தினர் வேற வந்துகிட்டிருக்கார்."

முகாமுக்கு வந்திருந்த இளம் டாக்டர் ஊசியக்காவின் முகத்தைப் பார்த்தார். எடுத்தால் எண்பது பை கிடைக்கும். குளிர்பெட்டி நிறையும். அது அவளுக்கும் தெரியும். ஆனால், மயங்கி விழுந்து மண்டை உடைந்த ஒருத்தனைப் பார்த்து நூறு பேர் பயந்தால், அந்த நூறு பேரும் வாழ்நாளில் ஊசிப்பக்கம் வரமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"டம்ளர் ஜூஸுக்கு ஒரு பை ரத்தமா? நல்ல வியாபாரம் சார். நீங்க சாப்பிட்டீங்களா காலையில?"

"சாப்பிட்டேன், ஏன்?"

"அப்ப வாங்க, நீங்க படுங்க."

ஆசிரியருக்கு உடனே யாரையோ வரவேற்கப் போக வேண்டியிருந்தது.

ஊசியக்கா செயலாளரை நாற்காலியில் உட்காரவைத்தாள். "போனை எடு. நான் சொல்றதை டைப் பண்ணு. ஒரு எழுத்து மாத்தினே, தொலைச்சிருவேன்." ஒன்பது வரியையும் மறுபடி சொன்னாள். முதல் வரியாக, 'தவறாகப் போட்டுவிட்டோம், வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரவும்' என்று சேர்க்கச் சொன்னாள். "தவறாகப் போட்டுவிட்டோம்னு வேணுமாக்கா? மன்றத்துக்கு அசிங்கம்க்கா." "போடு." ஒன்பது இருபதுக்கு அது போனது. பிறகு வாசலில் நின்று, கூட்டத்தை உரக்கச் சொல்லிச் சாப்பிட அனுப்பினாள். நூறு பேர் கலைந்து போவதைப் பார்த்து நர்ஸ், "இவங்க திரும்பி வருவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு பன்னைக் கடிச்சிட்டு விடுதியில படுத்துத் தூங்குவானுங்க. கிளியை வளர்த்துப் பூனை கையில குடுத்த மாதிரி, நம்ம முகாமைக் கொண்டுபோய் இந்தப் பயகிட்டக் குடுத்தோம் பாரு."

அடுத்த ஒன்றரை மணி நேரம் படுக்கைகள் காலியாகக் கிடந்தன. விருந்தினர் வந்தார், துளியின் முக்கியத்துவம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார், காலிப் படுக்கை ஒன்றில் படுக்க ஆசைப்பட்டார். ஊசியக்கா கையில் ஊசியோடு பக்கத்தில் போய் நின்றதும் ஆசை தீர்ந்துவிட்டது. முதலில் படுத்தது கல்லூரி அலுவலகத்து உதவியாளர். விடியற்காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டு வேலைக்கு வந்த மனிதர். பதாகையைப் படிக்கவே இல்லையாம். "படிக்காததுதான் நல்லதாப் போச்சு அண்ணே" என்றாள். அவரைத் தொடர்ந்து தோட்டக்காரரும், கேன்டீனில் பாத்திரம் கழுவும் பெண்மணியும் வந்தார்கள்.

பதினொரு மணிக்கு மேல் ஒருவர் இருவராக மாணவர்கள் திரும்பினார்கள். எடை இயந்திரம் சிலரைத் திருப்பி அனுப்பியது, விரல் நுனிச் சொட்டு சிலரை. ஒருவன் மாத்திரை சாப்பிடுகிறானாம், ஒருத்தி இரவெல்லாம் விழித்துப் படித்தாளாம். அந்த ஒன்பது வரி புதன்கிழமையே மாணவர்களுக்குப் போயிருந்தால், இவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். இவர்களுக்குப் பதில் வேறு யாராவது வந்திருப்பார்கள்.

பன்னிரண்டரைக்குச் செயலாளரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். வெட்கப்பட்டிருந்தான் போல. அந்த அளவுக்காவது இருந்ததே.

"நானும் குடுக்கிறேன்க்கா."

மணிக்கட்டுக்கு மேலே சிவப்பாக, இன்னும் தோல் உரிந்துகொண்டு, ஒரு ரத்தத் துளி பச்சை குத்தியிருந்தது.

"இது எப்பக் குத்தினே?"

"மூணு வாரம் முன்னாடிக்கா. இந்த முகாமுக்காகவே."

ஊசியக்கா ரொம்ப நேரம் அந்தத் துளியைப் பார்த்தாள். "காலையில நீயே டைப் பண்ணின வரியை நீ படிக்கலியே. ஒரு வருஷம் கழிச்சு வா, ராசா. அதுவரைக்கும் இதையே பாத்துக்கிட்டிரு" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் அழாமல் நின்றான், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு, இனி அரங்கம் தங்களுக்கு என்று கல்லூரி இசைக்குழுவினர் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்து நின்றார்கள். வரிசையில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஊசியக்கா நகரவில்லை. "கொஞ்சம் வெளிய போய்த் தட்டுங்கப்பா, இங்கே ஊசி நடுங்குது" என்று அவர்களை அரை மணி நேரம் வாசலில் நிறுத்தி வைத்து, ஐந்து பேரிடமும் எடுத்து முடித்தாள். மொத்தம் இருபத்து மூன்று பைகள்.

கிளம்பும்போது மன்ற ஆசிரியர் சான்றிதழ்த் தாளை நீட்டினார். அதில் கொடையாளர் எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டு என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"பதிவு செஞ்சவங்க கணக்கு மேடம். வந்தாங்கல்ல, மனசு இருந்துச்சுல்ல?"

"மனசைப் பையில பிடிச்சு வெச்சா கெட்டுப்போயிரும் சார்." அவள் நூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு இருபத்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆசிரியர் அந்தத் தாளை வெளியே காட்டமாட்டார் என்று தெரிந்தே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுக்கவேண்டியவள் எடுக்கவில்லை. பரிசோதனை எல்லாம் முடிந்து, வகை பார்த்து, ஒவ்வொரு குழந்தைக்கும் பொருத்திப் பார்த்தபோது ஒன்பது குழந்தைகளுக்குக் கிடைத்தது. இரண்டு பேருக்கு இல்லை. அவர்கள் வகை எளிதில் கிடைக்காதது. நூறு பேர் கொடுத்திருந்தால் அதில் நாலைந்தாவது இருந்திருக்கும்.

அவள் அந்த இருவரில் முதல் குழந்தையின் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள்.

"நாளைக்கு வேண்டாம்மா. புதன்கிழமை பாத்துக்கலாம். மத்த ஆஸ்பத்திரியில கேட்டிருக்கேன், வந்துரும்."

"சரிக்கா. பையனுக்குச் செவ்வாய்க்கிழமை பரீட்சை. போகலாமாக்கா?"

"அனுப்பு. ஆனா மாடி ஏறவிடாதே. கீழ் அறையில உட்கார வைக்கச் சொல்லி டீச்சர்கிட்டச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

"ஏன்க்கா, முகாம் நடக்கலையா?"

"நடந்துச்சு" என்றாள் ஊசியக்கா. பின்னால் நின்ற நர்ஸ், அவள் இனி வாய்க்கு வந்தபடி திட்டப் போகிறாள் என்று காத்திருந்தாள். அவள் யாரையும் திட்டவில்லை. அடுத்த எண்ணைத் தேடி எடுத்து, இரண்டாவது குழந்தையின் அம்மாவை அழைத்தாள்.