ஊசியக்காவின் பதினான்கு மாதங்கள்

ஊசியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது எதிர்வீட்டுக் குழந்தை. காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்க வந்த இடத்தில் ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்தால் குழாய் நிறைந்திருந்தது. "இன்னும் குத்தவே இல்லையே" என்று ஏமாந்துபோய்க் கேட்டதாம். அன்றிலிருந்து தெரு முழுக்க அவள் ஊசியக்காதான். கை அப்படி. நரம்பு கிடைக்காத வயசாளிகள் எல்லாம் "அந்தம்மா வரட்டும்" என்று காத்திருந்த காலமும் உண்டு.

அவள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தை, அதை நடத்திய டாக்டர் வயதாகிவிட்டது என்று மூடிவிட்டார். நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறாள். நாற்பத்தைந்தைத் தாண்டியவளை எந்த லேப் கூப்பிடும்? ஆனால் பெரிய மருத்துவமனை ஒன்று கூப்பிட்டது. ரத்தம் எடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை. புதன்கிழமை நேர்காணல், தன்விவரமும் அசல் சான்றிதழ்களுமாக வரவும் என்று செய்தி. இதை விட்டால் இன்னொன்று வரும் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை.

செய்தி வந்த மறுநாள் மதியம் சான்றிதழ் உறையை எடுத்துக்கொண்டு கணவரின் கடைக்குப் போனாள். கடை என்றால் அவருடைய கடை இல்லை. நகல் எடுக்கிற, தட்டச்சு செய்கிற கடை. அங்கே அவர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர். அதற்கு முன் டைல்ஸ் பதிக்கிற வேலை. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தபின் குனிந்து நிமிர முடியாமல் போயிற்று. டைல்ஸைத் தொட்டு வருடக்கணக்காகிறது, ஆனாலும் எல்லோருக்கும் அவர் டைல்ஸ்காரர்தான். வேலை தேடுகிறவர்களுக்குத் தன்விவரம் அடித்துக் கொடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர். ஒன்றுமில்லாதவனையும் ஒரு பக்கத்துக்கு நீட்டிவிடுவார். மனைவிக்கு அடித்ததோ இரண்டு பக்கம்.

"என்னங்க, நீங்க அடிச்சுக் குடுத்ததை நான் இன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன்," என்றாள் அவள், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"எப்படி? ஜோரா இருக்குல்ல?"

"இருக்கு. யாரோ இந்தம்மா, நமக்கும் ஒரு வேலை போட்டுக் குடுப்பாங்களான்னு கேக்கத் தோணுது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பேனாவால் ஒரு வரியைத் தொட்டாள். "பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தினார். யாருங்க அந்தப் பன்னிரண்டு பேர்?"

"லேப்ல இருந்தவங்கதான்."

"ரத்தம் எடுக்கறது என்னோட சேர்த்து நாலு பேரு. மிச்சம்?"

அவர் விரலை மடக்கினார். வரவேற்பில் இருந்த பெண், பெருக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், உள்ளே மெஷின் பார்க்கிறவர்கள். பதினொன்றில் விரல் நின்றது. "அப்புறம் டாக்டர்."

"டாக்டரையுமா எனக்குக் கீழ வேலை பார்க்க விட்டுட்டீங்க? அவருக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு."

மூன்று பேர் என்று மாற்றினார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அடுத்தது, மாதிரிகளில் ஏற்படும் பிழைகளைத் தொண்ணூறு சதவீதம் குறைத்தார் என்ற வரி. அந்தத் தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். எல்லோரும் எண்பது போடுகிறார்கள், நீ அதைவிடக் கெட்டிக்காரி, அதனால் போட்டேன் என்றார். கோபப்படுவதா கொஞ்சுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நடந்ததை நான் சொல்றேன், நீங்க அடிங்க. முன்னாடி எல்லாக் குழாயிலயும் மொத்தமாப் பேரை ஒட்டி வெச்சுட்டு அப்புறம் ரத்தம் எடுப்பாங்க. ஒருத்தர் பேரு இன்னொருத்தர் குழாய்க்குப் போயிடும். நான்தான், எடுத்து முடிச்ச உடனே, ஆள் எதிர்லயே, அவர் வாயால பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டு ஒட்டணும்னு மாத்தினேன். அதுக்கப்புறம் திரும்ப வாங்கன்னு ஆளைக் கூப்பிடறது ரொம்பக் குறைஞ்சுது. எத்தனைன்னு கேட்டா என்கிட்ட கணக்கு இல்ல. இல்லாத கணக்கை எதுக்குப் போடணும்? எப்படி மாத்தினேன்னு கேட்டா ஒரு மணி நேரம் பேசுவேன்."

அவர் அடித்தார். சதவீதம் போயிற்று. பதவிக்கு வந்தார்கள். 'மேற்பார்வையாளர்' என்று போட்டிருந்தது. நியமனக் கடிதத்தில் இருந்ததோ 'முதுநிலை டெக்னீஷியன்'. மேற்பார்வை பார்த்தவர் விலகிப்போனபின் அந்த வேலையையும் இவள்தான் பார்த்தாள், பதவியைத்தான் யாரும் கொடுக்கவில்லை. அவள் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சரிபார்க்கறவங்க என்கிட்ட கேட்டா முதுநிலை டெக்னீஷியன்னுதாம்மா சொல்வேன். அதுதானே கையெழுத்துப் போட்டது," என்றார் டாக்டர். "ஆனா கடைசி மூணு வருஷம் அந்த அறையையே நீதான் நடத்தினே. அதையும் கேக்காமலே சொல்வேன்."

ஆக, பதவி கடிதத்தில் உள்ளபடி; அதன் கீழே, கடைசி மூன்று வருடம் ரத்தம் எடுக்கும் அறையின் பொறுப்பையும் பார்த்தார் என்று ஒரு வரி. இணையத்தில் வேலைவாய்ப்புத் தளத்தில் இருக்கும் அவளுடைய விவரத்தையும் திறந்து, அங்கேயும் இதையே மாற்றச் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் முன்னால் இரண்டு கதை சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் டைல்ஸ்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் உறையிலிருந்து இரண்டு அனுபவச் சான்றிதழ்களை எடுத்து மேஜையில் வைத்தபோதுதான் அவர் கை விசைப்பலகையிலிருந்து இறங்கியது.

ஒன்றில் 2011 ஜூன் முதல் 2016 பிப்ரவரி வரை. இன்னொன்றில் 2017 மே முதல் 2023 டிசம்பர் வரை. தன்விவரத்திலோ 2011 முதல் 2023 வரை ஒரே ஓட்டம். இரண்டு டைல்ஸுக்கு நடுவில் சந்து தெரியாமல் பூசி மெழுகியிருந்தார்.

"நடுவுல பதினாலு மாசம் எங்கங்க போச்சு?"

"அதே லேப்தானே. போயிட்டு அங்கேயேதானே வந்தே. யாரு கேக்கப் போறா?"

"அசலோட வரச் சொல்லியிருக்காங்க. மேஜையில வெச்ச உடனே தெரியும். தேதியிலயே பொய் சொல்றவ, குழாயில சரியாப் பேர் ஒட்டுவாளான்னு நினைப்பாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்."

அவர் எழுந்துபோய், நகல் எடுக்க வந்த ஒருவருக்கு எடுத்துக் கொடுத்தார். சில்லறை கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தும் திரையைத்தான் பார்த்தார்.

"என்னன்னு போடச் சொல்றே?" என்றார் கடைசியில். "புருஷன் படுக்கையில கிடந்தான், அவனுக்கு மலஜலம் எடுத்துக்கிட்டு இருந்தேன்னு போடவா? என்னாலதான் உன் வேலை போச்சுன்னு நானே என் கையால அடிக்கணுமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் இது அவருடைய வழக்கமான கைவேலை, கடைக்கு வருகிற எல்லோருக்கும் செய்கிற ஒப்பனை என்று நினைத்திருந்தாள். இல்லை. மற்ற வரிகளில் அவர் கூட்டியதெல்லாம் அவளுக்காக. இந்த ஒன்றை மட்டும் மறைத்தது தன் மனசு தாங்காமல். கடை என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. புண்ணு வராமப் பார்த்துக்கிட்டேன். ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டேன். ஆஸ்பத்திரி டாக்டரே நடக்கறது கஷ்டம்னு சொன்ன ஆளு, இன்னைக்கு நாற்காலியில உக்காந்து எனக்குப் பொய்யா அடிச்சுத் தள்றீங்க. நான் பார்த்த வேலையிலேயே நல்லாப் பார்த்த வேலை அதுதாங்க. அதைப் போய் அழிச்சுட்டீங்களே."

அவர் மூக்கை உறிஞ்சினார். தூசு என்றார். நகல் எடுக்கிற கடையில் தூசுக்குப் பஞ்சமா? பிறகு மெதுவாக, ஒற்றை விரலால், புதிதாய்ப் பழகுகிறவர்போல அடித்தார்: '2016 மார்ச் முதல் 2017 ஏப்ரல் வரை: விபத்தில் முதுகெலும்பு முறிந்த கணவரை வீட்டிலிருந்து பராமரித்தார்.'

புதன்கிழமை நேர்காணலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆய்வகத் தலைமை டாக்டரம்மா ஒருவர், பணியாளர் பிரிவு அதிகாரி ஒருவர். டாக்டரம்மா முதலில் அந்தப் பதவி விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கடிதத்தில் இருப்பதையும் செய்த வேலையையும் ஊசியக்கா பிரித்துச் சொன்னாள். பெயர் ஒட்டுகிற விஷயத்துக்கு வந்ததும், மயங்கிக் கிடக்கிற நோயாளி எப்படி வாயால் பெயர் சொல்வார் என்று மடக்கினார் டாக்டரம்மா. கையில் கட்டியிருக்கிற பெயர்ப் பட்டையைப் பார்த்து, கூட இருக்கிறவரையும் நர்ஸையும் கேட்டு, எதுவும் பொருந்தவில்லை என்றால் ஊசியையே எடுக்க மாட்டேன் என்றாள். அரை மணி நேரம் இருவரும் குழாயும் பட்டையுமாகப் பேசினார்கள். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

அந்தப் பதினான்கு மாதத்தை யாரும் கேட்கவே இல்லை. கிளம்பும்போது மட்டும் அதிகாரி, "வேலை உங்களுக்குத்தான்னு வெச்சுக்குங்க. ஆனா எங்க ஆளுங்க எல்லாத் தேதியையும் சரிபார்ப்பாங்க, இடைவெளி உள்பட. ஒண்ணு ஒத்துப்போகலைன்னாலும் நிறுத்திடுவாங்க. அந்தச் சமயத்து ஆஸ்பத்திரிச் சீட்டும், விவரம் தெரிஞ்ச ஒருத்தர் நம்பரும் குடுத்துட்டுப் போங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டைல்ஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "அதைக் கேட்டாங்களா?"

"கேக்கல."

"ஒரு வார்த்தைகூடவா?" என்றார். போடவே வேண்டாம் என்று மல்லுக்கு நின்ற மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவருடைய நம்பரைக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னாள். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

அடுத்த வாரம் அவள் சாப்பாடு கொண்டுபோன நேரத்தில் அந்த அழைப்பு வந்தது. டைல்ஸ்காரரின் இரண்டு கையும் லேமினேஷன் மெஷினில் இருந்ததால் அவள்தான் போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேஜையில் வைத்தாள். வயசுப் பையன் குரல். ஒரு நாளைக்கு இப்படி நூறு பேரைக் கூப்பிடுகிற குரல், தாளைப் பார்த்து வாசித்தது.

"எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் சார்?"

"2016 மார்ச்லேர்ந்து 2017 ஏப்ரல் வரைக்கும்."

"அவங்க என்ன பொறுப்புல இருந்தாங்க?"

டைல்ஸ்காரர் மெஷினை நிறுத்தினார். அவளைப் பார்க்கவில்லை. "எல்லாப் பொறுப்பும்தாங்க. குளிப்பாட்டுவா, ஊட்டுவா, திருப்பிப் போடுவா. நான் எரிஞ்சு விழுவேன், வாங்கிக்குவா. நிக்க வெச்சது அவதான். இப்ப உங்ககிட்ட நின்னுக்கிட்டுத்தான் பேசறேன்."

ஊசியக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். தாளில் அடுத்த கேள்வி என்ன என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையன் பேசியிருப்பான், பழக்கதோஷம்.

"சரிங்க சார். கடைசியா ஒண்ணு. அவங்களை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்குவீங்களா?"

"அவ விட்டுட்டுப் போனாத்தானே தம்பி மறுபடி எடுக்க," என்றார் டைல்ஸ்காரர்.