எப்சியின் ஆய்வுச் சுருக்கம்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலை தொடங்கும் இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எப்சி அங்கே ஒன்பது வருடமாக டைப் செய்கிறாள். பிளஸ் டூ முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள். அப்பா இறந்த வருடம் அது. அம்மா செல்வமேரி பள்ளிக்கூட ஆயா வேலையில் தனியாகக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்த வேலை, விசைப்பலகையின் எழுத்துகள் இரண்டு முறை தேய்ந்து மறையும் வரை நீண்டுவிட்டது.

சுற்றுப்புறத்துக் கல்லூரிகளில் கடைசி வருடம் படிப்பவர்களின் ஆய்வேடுகளில் பாதி அந்தக் கடை வழியாகத்தான் போகும். ஒரு வரி விட்டு ஒரு வரி, இடதுபுறம் ஒன்றரை அங்குலம், பைண்டிங்குக்கு மூன்று பிரதி. இலக்கிய மாணவர்களின் ஆய்வுச் சுருக்கங்கள் அவளுக்கு மனப்பாடம். ‘இந்த ஆய்வு இன்னதை ஆராய முயல்கிறது’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும். நடுவில் ஒரு கோட்பாட்டாளர் பெயர் வரும். கடைசியில், துன்பப்பட்ட நாயகி நினைவுகளைச் சொல்லிச் சொல்லிக் குணமாகிவிடுவாள். நாவல் மாறும், நாயகி மாறுவாள், குணமாவது மட்டும் மாறாது.

“உன் விரலுக்கு எப்பவோ டிகிரி குடுத்துட்டாங்கம்மா. உனக்குத்தான் இன்னும் குடுக்கல” என்று கடைக்காரர் துரை கிண்டல் செய்வார். ஒருநாள் அந்தக் கிண்டலை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். இருபத்து நான்கு வயதில், மதிய வகுப்பில், பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தாள். காலை எட்டு முதல் ஒரு மணி வரை கடை, ஒன்றரையிலிருந்து கல்லூரி. வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். அதிகம் பேசமாட்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடத்தை உண்மையாகவே படித்துக்கொண்டிருந்தாள். அது அங்கே கொஞ்சம் விநோதமான பழக்கம்.

மூன்றாம் வருடம் ஆய்வேட்டுக்குத் தலைப்புப் பதிவு செய்யும் நேரம் வந்தது. பொதுத் தலைப்பைத் துறையே கொடுத்துவிட்டது: சமகாலப் புனைகதையில் நினைவு. நாவலையும் ஆய்வுக் கேள்வியையும் மாணவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். படிவத்தில் தலைப்பு, ஒரே ஒரு கேள்வி, இருநூற்றைம்பது சொல்லில் சுருக்கம், ஐந்து திறவுச்சொற்கள். கீழே வழிகாட்டியின் கையெழுத்து, துறைத் தலைவரின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கையெழுத்தாகாத படிவங்களுக்குத் துறையின் பட்டியலிலிருந்து ஏதாவது ஒரு தலைப்பு ஒதுக்கப்படும்.

எப்சிக்கு வழிகாட்டி எட்மண்ட் சார். நல்ல மனிதர், பதினான்கு மாணவர்கள் அவர் தலையில். முதல் சந்திப்பிலேயே அவளிடம் ஒரு தாளை நீட்டினார்.

“மாதிரிக்கு வெச்சுக்கோ. முன்னாடி ஒரு தடவை நல்ல மார்க் வாங்கினது. நாவல் பேரை மட்டும் மாத்திட்டு, ட்ராமா தியரி, அந்த மனக்காயம் பத்தினது, இதுல இருக்கிறதை அப்படியே போட்டுக்கோ. நீ வெள்ளத்துல மாட்டின ஏரியாதானே? அதையும் ஒரு வரி சேர்த்தா வைவால எக்ஸாமினர் உருகிடுவார்.”

எப்சி தாளைப் பார்த்தாள். “சார், இது நான் டைப் பண்ணது.”

“எது?”

“இந்தப் பேப்பர்தான் சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி. கடைசி வரியில வர்ற ஹீரோயின் இந்த நாவல்லயே கிடையாது. அதுக்கு முந்தின வருஷத்துப் பேப்பர்ல இருந்து காப்பி பண்ணப்போ மாத்த மறந்துட்டாங்க. அப்பவே சொன்னேன், யார் படிக்கப்போறாங்கன்னு சொன்னாங்க.”

எட்மண்ட் சாரின் முகம் சுருங்கியது. அந்த ஆய்வேட்டிலும் கையெழுத்து அவருடையதுதான்.

ஒரு வாரம் கழித்து எப்சி தன் சுருக்கத்தைக் கொடுத்தாள். அவள் எடுத்துக்கொண்டது சமீபத்தில் வந்த ஒரு நாவல். வெள்ளம் வந்த ஒரு நாளைப் பற்றி அதன் நாயகி மூன்று பேரிடம் சொல்கிறாள்: நஷ்டஈடு கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம், தன் மகளிடம், ரயிலில் எதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருத்தியிடம். மூன்றும் ஒன்றுபோல் இல்லை. தண்ணீர் வந்த நேரம் மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டியதும், இவள் திறக்காமல் இருந்ததும், மூன்றாவது முறைதான் வருகிறது. எப்சியின் கேள்வி இதுதான்: எதிரே யார் கேட்கிறார்கள் என்பது, சொல்பவளுக்கு என்ன நினைவிருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறதா? சுருக்கத்தில் யாரும் குணமாகவில்லை. முடிவு தெரியாததால், ‘நிறுவுகிறது’ என்று எழுதாமல் ‘வாதிட உத்தேசிக்கிறது’ என்று எழுதியிருந்தாள். வெள்ளத்தில் தன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அவளைத் துறைத் தலைவர் ஞானஜோதி மேடத்தின் அறைக்கு வரச் சொன்னார்கள். மேசைமேல் அவள் படிவம். எட்மண்ட் சார் பக்கத்து நாற்காலியில். படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் அவர் எழுதியிருந்ததை எப்சி தலைகீழாகவே படித்தாள். ஒன்பது வருடம் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தாள்களைப் படித்துப் பழகிய கண். ‘சொந்த எழுத்தா என்று சரிபார்க்க வேண்டும்.’

“உட்காரும்மா” என்றார் மேடம். “காப்பியான்னு சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தோம். நாலு பர்சென்ட்தான் ஒத்துப்போகுது.”

“அப்போ நல்லதுதானே மேடம்?”

எட்மண்ட் சார் தொண்டையைச் செருமினார். “இன்டர்நெட்ல இருக்கிறதைத்தான் சாஃப்ட்வேர் பிடிக்கும். உங்க கடை கம்ப்யூட்டர்ல இருக்கிறதைப் பிடிக்காது. எம்.ஏ., பி.எச்டி. பசங்க ஃபைல் எல்லாம் அங்கதானே வருது? நான் தப்பா சொல்லல. கேக்கறது என் கடமை.”

எப்சி அந்தச் சிவப்பு வரியை இன்னொரு முறை பார்த்தாள். இந்தப் பேச்சு இந்த அறையோடு நிற்காது. நாளைக்கே ‘அந்தக் கடைக்குப் போகாதே, ஃபைலைத் திருடிடுவா’ என்று ஆகும். ஆய்வேடு போகும், கடை போகும். அழுதால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

“கேளுங்க சார். நாவலைத் திறந்து எந்தப் பக்கத்துல வேணாலும் கேளுங்க. திருடினவளுக்கு அப்ஸ்ட்ராக்ட்தான் தெரியும், புக்கு தெரியாது.”

எட்மண்ட் சார் மேசையைப் பார்த்தார். நாவல் அங்கே இல்லை. அவர் இன்னும் அதைப் படிக்கவில்லை என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எப்சி பையிலிருந்து தன் பிரதியை எடுத்து மேடத்தின் முன்னால் வைத்தாள். துண்டுத் தாள்கள் செருகிச் செருகி அது உப்பிப்போயிருந்தது.

மேடம் புத்தகத்தைப் புரட்டாமல் கேட்டார். “இந்தக் கேள்வி உனக்கு எப்படித் தோணிச்சு?”

“கடையிலதான் மேடம். ஒருத்தர் பைக்குல வுழுந்துட்டாரு. இன்சூரன்ஸுக்கு லெட்டர் டைப் பண்ணச் சொன்னாரு, எதிர்ல லாரி வந்துச்சுன்னு. மறுநாள் ஆபீஸுக்கு லெட்டர், மழையில வழுக்கிடுச்சுன்னு. அப்புறம் சர்ச்சுல சாட்சி சொல்ல எழுதிக் கேட்டாரு, அதுல லாரியும் இல்ல மழையும் இல்ல, ஆண்டவர் கையில ஏந்திக்கினாராம். மூணும் நான்தான் அடிச்சேன்.”

மேடத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அது பொய்ம்மா. ஆளுக்குத் தகுந்த மாதிரிப் பொய் சொல்றது. அதுல நினைவைப் பத்தி ஆராய என்ன இருக்கு?”

“பொய்னா, உள்ள ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளிய வேற ஒண்ணு சொல்லணும் மேடம். இந்த நாவல்ல அப்படி இல்ல.” எப்சி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி மூன்று தாள்களை அடுத்தடுத்துப் பிரித்தாள். “ஒவ்வொரு தடவை சொல்லி முடிச்ச பிறகும் அவ தனியா இருக்கிற அத்தியாயம் ஒண்ணு வருது. அங்க கேக்க ஆளே இல்ல. பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. ஆனா தனியா நினைச்சுப் பார்க்கும்போதும், கடைசியா என்ன சொன்னாளோ அதான் அவளுக்கு ஞாபகம் வருது. அதிகாரிகிட்ட அஞ்சு மணின்னு சொன்னாளா? அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வெயில்தான் அவ கண்ணுல நிக்குது. மகள்கிட்ட ராத்திரின்னு சொன்னப்புறம் இருட்டு. வாய் சொன்னது உள்ள போய் உக்காந்துக்குது. பொய்யா இருந்தா, தனியா இருக்கும்போது உண்மை வந்திருக்கணும்.”

மேடம் மூன்று பக்கங்களையும் அவசரமில்லாமல் படித்தார்.

“இது அப்ஸ்ட்ராக்ட்ல இல்லையே” என்றார்.

“இருநூத்தம்பது வார்த்தைக்குள்ள வரல.”

“வேற எதை வெட்டினாலும் இதைப் போட்டிருக்கணும். உன் ஆதாரமே இதுதான்.” மேடம் பேனாவை எடுத்தார். “அப்புறம், ‘தீர்மானிக்கிறதா’ன்னு கேக்கறே. கேட்கிற ஆள் மட்டும்தான் காரணம்னு உன்னால காட்ட முடியுமா? நாளாக நாளாகவும் ஞாபகம் மாறுமே.”

எப்சி யோசித்தாள். மூன்று முறை சொல்வதற்கும் இடையில் வருடங்கள் கடக்கின்றன. மேடம் சொல்வது சரிதான். “முடியாது மேடம்.”

“அப்போ?”

“‘எவ்வாறு வடிவமைக்கிறது’ன்னு மாத்தறேன்.”

“மாத்து.” மேடம் நீட்டிய பேனாவால் எப்சி பழைய சொல்லை அடித்துவிட்டு மேலே புதியதை எழுதினாள்.

எட்மண்ட் சார் இதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “சரி, திறவுச்சொல்லுல ட்ராமா மட்டும் சேர்த்துடட்டும் மேடம். வெளி எக்ஸாமினர் எதிர்பார்ப்பார்.”

“வேணாம் சார்” என்றாள் எப்சி.

“ஒரு வார்த்தைதானேம்மா?”

“அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு அத்தியாயம் எழுதணும் சார். அவ குணமாயிட்டாளா இல்லையான்னு என்னைக் கேப்பாங்க. நான் கேக்கறது அது இல்ல. என் வூட்டுக்குள்ள தண்ணி வந்ததும் இதுக்குள்ள வராது. அதை யார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல.”

மேடம் எட்மண்ட் சாரைப் பார்த்தார். அவர் கையை விரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மேடமும் போட்டார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

“ஆபீஸ்ல குடுத்துடு” என்று மேடம் படிவத்தை நீட்டினார்.

எப்சி எழுந்துகொள்ளவில்லை. படிவத்தின் ஓரத்தில் அந்தச் சிவப்பு வரி அப்படியே இருந்தது.

“மேடம், இது இருக்கிற வரைக்கும் நான் வாங்கமாட்டேன்.”

“அட, ஆமா.” எட்மண்ட் சார் மேசையிலிருந்த வெள்ளை மைக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். “இதோ, தெரியாம பண்ணிடலாம்.”

எப்சி கையை நீட்டிப் படிவத்தின்மேல் வைத்தாள். “வெள்ளை மை வேணாம் சார். அழிச்ச படிவம் எங்கயும் செல்லாது. கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. நீங்க எழுதினதும் தெரியட்டும், நீங்களே அடிச்சதும் தெரியட்டும்.”

எட்மண்ட் சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் நாவலின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்மண்ட் சார் குப்பியை மூடிவைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு கோடு. பக்கத்தில் தன் பெயரின் சுருக்கெழுத்து.

“தேதி சார்” என்றாள் எப்சி.

தேதியும் போட்டார்.

அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன், எதிரிலிருந்த ஜெராக்ஸ் இயந்திரத்தில் அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். கறுப்பு வெள்ளையில் சிவப்புக் கோடு நன்றாகவே விழுந்திருந்தது. ஆய்வேடு பைண்டிங் போகும்போது அந்த நகலைக் கடைசிப் பக்கமாகச் சேர்ப்பது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.