விஜயநகரம் எனக்கு, முகலாயம் உனக்கு

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கும் என் தோழிக்கும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். காய்ந்த துண்டுகளின் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, தட்டில் அடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்வழி எம்.ஏ. வரலாற்று வகுப்பிலும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சுதான்.

போன வருடம் இருவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். முகலாயப் பேரரசையும் விஜயநகரப் பேரரசையும் ஒப்பிட வேண்டும். அதில் தேறாதவர்கள் தேர்வு எழுத முடியாது. எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது. தோழிக்கு இல்லை. அந்த வருடத்தோடு முடிக்காவிட்டால் படிப்பு போதும் என்று அவள் மாமியார் கறாராகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். விஜயநகரம் எனக்கு, முகலாயம் அவளுக்கு. நான் பன்னிரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். அவள் அடக்கமாக ஆறு பக்கம். இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாக டீ குடித்தோம்.

மறுவாரமே பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு கட்டுரையை ஒண்ணா கட்டிக் குடுத்திருக்கீங்க. இவங்க வரி எப்படி வாங்குனாங்கன்னு இருக்குது. அவங்க எப்படி வாங்குனாங்கன்னு காணோம். அப்புறம் எதோட எதை ஒப்பிடுறது? ஒரே கேள்வியை ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. அடுத்த ஞாயிறு கடைசி."

தோழியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ கோபம். பன்னிரண்டு பக்கமாயிற்றே!

மறுநாள் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேள்விகளை எழுதினேன். யார் பெரிய கோயில் கட்டினார்கள்? தெலுங்கும் தமிழும் யாரிடம் வளர்ந்தன? தெற்கை யார் நன்றாக ஆண்டார்கள்? தோழி எட்டிப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கையோடு சிரித்தாள்.

"இதெல்லாம் ஒன் ஆளு ஜெயிக்கிற கேள்வியா இருக்குதுடி. பரீட்சையை நீயே வச்சு, நீயே எழுதி, நீயே மார்க்கும் போட்டுக்குவியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவளே தொடர்ந்தாள்.

"நம்ம தட்டை நாம செக் பண்றமா? ஒன் தட்டை நான் பாக்குறேன், என் தட்டை நீ பாக்குற. இதையும் மாத்திக்குவோம்."

எங்கள் பட்டறையில் அது வழக்கம். சொந்தக் கை செய்த துண்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதனால் கேள்விகளைச் சேர்ந்து எழுதினோம்: நிலவரி, படை, மதங்களோடு உறவு, கடல் வணிகம், வீழ்ச்சி. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேரரசும் பதில் சொல்ல வேண்டும். முகலாயத்தின் பதிலை நான் எழுத வேண்டும், விஜயநகரத்தின் பதிலை அவள்.

முதல் இரண்டு நாள் முகலாயத்தைக் கடனே என்று எழுதினேன். படையில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் ஏற்பாடு ஒரே மாதிரிதான். அரசர் நிலத்தின் வருவாயை ஒருவருக்கு விடுவார், அவர் அதில் படை வைத்திருப்பார். அங்கே மன்சப்தார், இங்கே அமரநாயக்கர். ஆனால் மன்சப்தாருக்குக் கொடுத்த நிலத்தைச் சில வருடங்களில் மாற்றிவிடுவார்கள். நாயக்கர்களில் பலர் ஒரே சீமையில் பரம்பரையாக வேரூன்றினார்கள். பேரரசு தளர்ந்தபோது செஞ்சியிலும் தஞ்சையிலும் மதுரையிலும் அவர்களே அரசரானார்கள். நான் பன்னிரண்டு பக்கம் புகழ்ந்த நாயக்க முறைக்குள் இப்படி ஒரு விரிசல்!

"அப்போ மாத்துறதுதான் நல்லது. ஒன் ஆளு ஜெயிச்சிட்டான்" என்றேன் வீறாப்பாக.

"இருடி. நாளைக்கு மாத்திடுவாங்கன்னு தெரிஞ்சா, ஏரிக்கு எவன் கரை கட்டுவான்? இருக்குறவரைக்கும் விவசாயியைப் பிழிஞ்சிட்டுப் போவான். அதையும் எழுது."

எழுதினேன். முகலாயத்தின் குறையை விஜயநகரக்காரியான நான் சந்தோஷமாக எழுதுவேன் என்று நினைத்திருந்தேன். அதற்குள் அந்தப் பேரரசின் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டிருந்தது, கை நகர மறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை பத்துப் பக்கத்தையும் எங்கள் எதிரிலேயே படித்தார். தோழி என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"யாரு எந்தப் பேரரசு எழுதுனீங்க?"

சொன்னோம்.

"படிச்சா தெரியலையே" என்று சொல்லி, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பறை வாசலிலேயே தோழி வீட்டுக்கு போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு வாரமாக அவள் சமையலறையில் சத்தம் போட்டுப் படித்ததையெல்லாம் கேட்டிருந்த மாமியார் முதல் கேள்வியாகக் கேட்டார்:

"என்னாச்சு, ரெண்டு பேர்ல யாரு ஜெயிச்சா?"

"ரெண்டு பேரும் ஜெயிக்கல அத்த. நான்தான் ஜெயிச்சேன்."

"சரி, சரி. பரீட்சைக்குப் பணம் எப்போ கட்டணும்னு கேட்டுக்கிட்டு வா" என்றார் மாமியார்.