ஓகே இல்லை என்று எழுதிய கடிதம்

ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாம் ஊரில் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் வரிசையில் ருக்னுதீனின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. விடுமுறைக்கு வரும் மகள் ஆப்ரின், எட்டு மேசைகளின் ஆர்டரையும் தாளில் குறிக்காமல் தலையில் ஏற்றிக்கொண்டு அடுப்படியில் ஒப்பிப்பாள். நுரைக்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ ஒன்றுகூட மேசை மாறாது. ஜொகூரிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, பாதி திறந்திருந்த இரும்புக் கதவுக்குக் கீழே குனிந்து வெளியே வந்தவள் கொஞ்சம் சீக்கிரமே நிமிர்ந்துவிட்டாள்; உச்சந்தலை கதவில் பலமாக இடித்தது. ரத்தம் வரவில்லை. "கதவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேலி செய்த சமையல்காரர், அவள் வாந்தி எடுத்ததும் காரை எடுக்க ஓடினார். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, மூளை அதிர்வு என்றார்கள். இரண்டு நாள் விடுப்புச் சீட்டும் ஒரு வாரம் கழித்து கிளினிக்கில் காட்டும்படி ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார்கள்.

தலைவலி குறைந்தது. ஆனால் பத்து நிமிடம் படித்தால் வரிகள் நழுவின. மூன்று மணி நேரத் தேர்வுகளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. இந்தப் பருவத் தேர்வை விட்டால் பாசிர் கூடாங்கில் கிடைத்திருந்த தொழில் பயிற்சி இடமும் போய்விடும்.

ஆப்ரின் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினாள். முதல் பத்தி முழுக்க வணக்கம், இரண்டாவதில் மன்னிப்பு, மூன்றாவதில் 'இயன்ற உதவியைச் செய்யுங்கள்'. ஒரு வாரம் கழித்துப் போய்க் காட்டியபோது கிளினிக்கில் கொடுத்த சீட்டையும் இணைத்து அனுப்பினாள்.

மறுநாளே மாணவர் ஆதரவுப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி சந்திரமதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி இருந்தார்.

"படிக்க முடியலைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. கிளினிக் சீட்டுல 'குறை எதுவும் சொல்லவில்லை'ன்னு இருக்கு. எதை நான் பரீட்சைக் கமிட்டிக்குக் காட்டுறது?"

"டாக்டர் 'ஓகேயா'ன்னு கேட்டாங்க, மேடம். ஓகேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"வெளிய நெறைய பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க."

சந்திரமதி சிரித்துவிட்டார். "கடைக்காரர் பொண்ணா நீங்க?"

"ஆமா, மேடம். எப்படித் தெரியும்?"

"க்யூவைப் பார்த்து பயப்படுறீங்களே, அதான். இங்க பாருங்க, இந்தக் கடிதத்துல மரியாதை நெறைய இருக்கு, விஷயம் இல்லை. எத்தனை நிமிஷம் படிக்க முடியுது, அப்புறம் என்ன ஆவுது, பரீட்சையில என்ன வேணும்? அதை மட்டும் எழுதுங்க. டாக்டரும் அதையே எழுதித் தரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

செவ்வாய்க்கிழமை ருக்னுதீன் கடையைச் சமையல்காரரிடம் விட்டுவிட்டு மகளோடு கிளினிக்குக்குப் போனார். அதே டாக்டர், அதே கேள்வி. ஆப்ரின் வாய் திறப்பதற்குள் அத்தா முந்திக்கொண்டார்.

"ஓகே இல்லை, டாக்டர். எட்டு மேசை ஆர்டர் மனசுல வச்சிருந்த புள்ள இது. இப்ப மூணு மேசைக்கே திரும்பிப் போய் கேட்டுட்டு வருது."

ஆப்ரின் திரும்பிப் பார்த்தாள். அவர் கவனித்திருப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. கடையில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டாக்டர் ஒரு கையேட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்தார். பதினோராவது நிமிடம் ஆப்ரின் ஒரு கண்ணை மூடி நெற்றியை அழுத்தினாள். சில வாரங்களில் சரியாகும், அதுவரை இடைவெளி விட்டுத்தான் படிக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். 'தொடர்ந்து பத்து நிமிடம் படித்தால் தலை வலிக்கிறது, வரிகள் தவறுகின்றன. கூடுதல் நேரம், இடையில் ஓய்வு, அமைதியான தனி அறை, பெரிய எழுத்தில் வினாத்தாள் வேண்டும். ஒரே நாளில் இரண்டு தேர்வு வேண்டாம்.'

வியாழக்கிழமையே அனுப்பினாள். அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. மணிக்குப் பதினைந்து நிமிடம் கூடுதல். ஓய்வு நேரம் தேர்வு நேரக் கணக்கில் சேராது. தனி அறையும் பெரிய எழுத்தும் உண்டு. ஒரே நாளில் வந்த இரண்டில் ஒன்று மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. வினாக்களும் மதிப்பெண் முறையும் எல்லோருக்கும் உள்ளவைதான்.

"அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்றாள் ஆப்ரின், பிற்பாடு இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது. "பரீட்சையைச் சுலபமாக்கல. என்னை அது வரைக்கும் கொண்டுபோய் விட்டாங்க." சந்திரமதியின் பெயரை இப்போதும் அவள் தொழுகைக்குப் பின் கேட்கும் துஆவில் சேர்க்கிறாளாம்.

முதல் தேர்வன்று அந்தச் சின்ன அறையில் அவளும் மலாய்க்காரக் கண்காணிப்பாளர் அம்மாவும் மட்டும். இரண்டாவது வினாவின் நடுவில் வரிகள் நழுவத் தொடங்கின. கண்காணிப்பாளர் தலை நிமிர்ந்து கேட்டார்.

"ஓகேயா?"

ஆப்ரினின் நாக்கு நுனி வரை அந்தப் பழைய பதில் வந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"இல்லை, புவான். கொஞ்சம் ஓய்வு வேணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, விளக்குகளில் ஒன்றை அணைத்தார். ஆப்ரின் கண்களை மூடினாள். வெளியே யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.